கையைத் தூக்கிப் பார்த்தீர்களா?

தைக்கக் கொடுத்து வாங்கிய உடுப்பை முதல்முறையாகப் போட்டுக்கொண்டு எடுத்த படத்துக்குக் கீழே நாம் எழுதும் வரிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். ‘புது ஜாக்கெட், பழைய நான்.’ ‘ஃபீலிங் க்யூட்.’ ‘சேலை என்பது ஓர் உணர்வு.’ எதுவும் தோன்றவில்லை என்றால் ஒரு மஞ்சள் இதயம். இதில் எந்த வரியையும் வெட்டி இன்னொருவர் படத்துக்குக் கீழே ஒட்டிவிடலாம். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. சமையல் குறிப்புக்குக் கீழே ‘சாப்பாடு என்பது ஓர் உணர்வு’ என்று யாராவது எழுதினால் சிரிப்போம். துணிக்கு மட்டும் இதை விட்டுவிடுகிறோம்.

தைத்த உடுப்புக்கு எழுதும் கேப்ஷன் மூன்று விஷயங்களைச் சொல்லியே ஆகவேண்டும் என்பது என் கட்சி. துணி என்ன, நிறம் என்ன, பொருத்தம் எப்படி. ரசனைக்காக இதைக் கேட்கவில்லை. படம் பொய் சொல்வது சரியாக இந்த மூன்று இடங்களில்தான். துணியைத் தொட்டால்தான் தெரியும், படத்தைத் தொட முடியாது. நிறத்தைக் கேமரா தன் இஷ்டத்துக்கு மாற்றும். பொருத்தம் என்பது உடம்பு அசையும்போது தெரிவது, படமோ அசையாது. படத்தால் முடியாததைச் சொல்லத்தான் அதன் கீழே எழுத்து என்று ஒன்று இருக்கிறது. அங்கேயும் போய் இதயம் போட்டால் எப்படி?

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஓர் உடுப்பை எடுத்துக்கொள்வோம். என் தோழி ஒருத்தி கண்டாங்கிச் சேலை வாங்கினாள். அரக்கு நிறத்தில் மஞ்சள் கட்டம். சேலையோடு சேர்ந்தே வந்த 80 சென்டிமீட்டர் துணியில் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தாள். தெருமுனையில் ஒரே ஒரு மெஷின் போட்டுத் தைக்கும் அக்கா. முதல்நாள் உடுத்தி, படம் போட்டு, ‘கண்டாங்கி லவ்’ என்று எழுதினாள். அந்த ஜாக்கெட்டில் சொல்வதற்கு இருந்தவற்றை இனிப் பார்ப்போம்.

முதலில் துணி. ‘காட்டன்’ என்று எழுதினால் போதும் என்று நினைக்கிறோம். போதாது. மேட்சிங் ஜாக்கெட்டுக்கு நாம் வாங்கும் டூ பை டூ ரூபியாவும் காட்டன்தான், கண்டாங்கியும் காட்டன்தான். ரூபியாவில் பாவு, ஊடை இரண்டிலுமே இரட்டை இழையாக முறுக்கிய மெல்லிய நூல் ஓடும். அதைத்தான் அந்த ‘டூ பை டூ’ சொல்கிறது. அதனால் துணி மெலிசாக இருந்தாலும் தையலில் நிற்கும். கண்டாங்கி தடிப்பு. வெயிலில் வியர்வையை உறிஞ்சும், ஆனால் ஒரு சுற்று அகலமாகக் காட்டும். இரண்டுக்கும் பெயர் காட்டன் என்பது இட்லிக்கும் பொங்கலுக்கும் பெயர் அரிசி என்பதுபோல.

முதல்நாளுக்கே உரிய ஒரு விஷயமும் இதில் உண்டு. புதுக் கைத்தறித் துணியில் கஞ்சி இருக்கும். கொசுவம் கத்திபோல நிற்பது, ஜாக்கெட் கை விறைப்பாக நிற்பது எல்லாம் பாதி கஞ்சியின் வேலை. இரண்டு மூன்று துவைப்புக்குப் பிறகு துணி தன் சுபாவத்துக்கு வரும். ‘என்னா ஸ்ட்ரக்சர்’ என்று முதல்நாளே புகழ்ந்து எழுதியவர் புகழ்ந்தது நெசவை இல்லை, கஞ்சியை. ‘கஞ்சி இன்னும் போகல’ என்று மூன்றே சொல் சேர்த்திருந்தால், அதைப் பார்த்து அதே துணி வாங்கப்போகிறவளுக்கு எவ்வளவு உபகாரம்!

என் தோழி துணியை நீட்டியதும் அந்த அக்கா கேட்ட முதல் கேள்வி, “தண்ணியில போட்டு எடுத்தியாம்மா?” என்பது. பருத்தி முதல் நனைப்பில் சுருங்கும். தறியில் இழுத்துப் பிடிக்கப்பட்டிருந்த நூல் தண்ணீர் பட்டதும் தளர்ந்து, தன் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். இதில் பெரிய ஆபத்து லைனிங்கில். மேல்துணியை நனைத்துவிட்டு லைனிங்கை நனைக்காமல் தைத்தால், முதல் துவைப்பில் லைனிங் மட்டும் சுருங்கி, மேல்துணி அதன்மேல் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நிற்கும். அயர்ன் பண்ணினாலும் போகாது. இரண்டையும் ஓரிரவு ஊறவைத்து, நிழலில் காயவைத்து, பிறகுதான் வெட்டியிருக்கிறார் அக்கா. தடித்த துணிக்கு லைனிங் எதற்கு என்று தோழி கேட்டதற்கு, “இது நெருக்கமில்லாத நெசவும்மா. இறுக்கிப் பிடிக்கிற இடத்துல தையல் ஓரமா நூல் விலகி வாய் பிளக்கும். லைனிங்கு இருந்தா இழுவைய அது வாங்கிக்கும்” என்றார். ‘கண்டாங்கி லவ்’ என்பதில் இது எங்கே?

அடுத்தது நிறம். அரக்கு என்பது கொம்பரக்கிலிருந்து வந்த பெயர். சிவப்பும் பழுப்பும் கலந்த, கொஞ்சம் இருண்ட நிறம். சில போன் கேமராக்கள் சிவப்பைக் கண்டாலே கொண்டாடும். அரக்கைத் தக்காளியாக்கிவிடும். மஞ்சள் பல்பின் கீழே எடுத்தால் அதே துணி செங்கல். அதற்கு மேல் ஒரு ஃபில்டர். பிறகு கமென்டில் நாலு பேர் ‘இந்த ரெட் எங்க வாங்குன?’ என்று கேட்பார்கள். அது ரெட்டே இல்லை.

பழைய ஜவுளிக்கடைகளில் ஒரு பழக்கம் உண்டு. “வாசலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கம்மா” என்பார்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு துணிகள் பகல் வெளிச்சத்தில் வேறுவேறாகப் பிரிந்து நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். மேட்சிங் பார்த்து வாங்கிய ஜாக்கெட் துணி, கல்யாண மண்டபத்து வாசலில் சேலையோடு ஒட்டாமல் போவதற்கு இதுதான் காரணம். ஆகவே நிறத்தைச் சொல்லும்போது எந்த வெளிச்சத்தில் பார்த்தது என்பதையும் சொல்லவேண்டும். ‘வாசல் வெளிச்சத்தில் அரக்கு, வீட்டுக்குள் காப்பிப்பொடி’ என்று எழுதினால் ஒரு வரியில் முடிந்தது.

நிறத்துக்குத் தமிழில் பெயர் இல்லை என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். மயில்கழுத்து என்கிறோமே, அது சும்மா அழகுக்கு வைத்த பெயர் இல்லை. பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம் என்று நீலமும் பச்சையுமாக நெய்யும்போது, துணி மடங்கும் பக்கத்தைப் பொறுத்து நிறம் மாறி மாறித் தெரியும், மயிலின் கழுத்தைப்போலவே. எப்படி நெய்யப்பட்டது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. வெங்காயச்சருகு, மாம்பழ மஞ்சள், பாசிப்பச்சை, கத்திரிப்பூ என்று கடைக்காரர் வாயில் சரளமாக வருவதெல்லாம் இந்த வகைதான். ஒரு பாடகியின் பெயரில் எம்.எஸ். ப்ளூ என்று ஒரு நீலத்தையே வைத்திருக்கிறோம். இவ்வளவையும் வைத்துக்கொண்டு ‘பாஸ்டல் வைப்ஸ்’ என்று எழுதுகிறவர்களிடம் எனக்குக் கோபம் வருவதை நான் மறைக்கப்போவதில்லை. பாஸ்டல் என்றால் எந்தப் பாஸ்டல்?

துணியும் நிறமுமாவது நல்ல படத்தில் பாதி தெரிந்துவிடும். பொருத்தம் தெரியவே தெரியாது. பொருத்தமாகத் தெரிவதற்காகத்தானே நாம் படத்துக்கு நிற்கிறோம்! மூச்சை உள்ளே இழுத்து, தோளைப் பின்னால் தள்ளி, ஒரு கையை இடுப்பில் வைத்து. அந்த ஒரு நொடியில் எந்த ஜாக்கெட்டும் பொருந்தும். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போது பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை கைக்குழியில் இருக்கிறது. கையைத் தூக்கினால் சிலருக்கு ஜாக்கெட் மொத்தமும் மேலே ஏறி, கீழே வயிறு தெரியும். உடனே நாம், கைக்குழி இறுக்கம், இன்னும் கொஞ்சம் இறக்கி வெட்டணும் என்று முடிவுகட்டுவோம். பெரும்பாலும் அது தலைகீழ். கைக்குழி ஏற்கெனவே அதிகமாக இறங்கியிருப்பதால்தான் ஜாக்கெட் ஏறுகிறது. கை உடம்போடு சேரும் இடத்துக்குப் பக்கத்திலேயே குழி முடிந்தால், கை தன்பாட்டுக்கு அசையும், ஜாக்கெட் அதன் இடத்தில் இருக்கும். குழி இரண்டு விரல் கீழே போய்விட்டால், கைத்துணி விலாவோடு கட்டிப்போட்டதுபோல ஆகிவிடும். கையைத் தூக்கினால் விலாத் துணியும் கூடவே வரும். என் தோழியும், “கைக்குழிய இன்னும் கொஞ்சம் இறக்கிடுங்கக்கா, பழைய ஜாக்கெட்டு கை தூக்க விடமாட்டேங்குது” என்றுதான் கேட்டிருக்கிறாள். அக்கா மறுத்துவிட்டார். “இறக்குனா இன்னும் மோசமாகும். நீ குடுத்த அளவு ஜாக்கெட்டுல குழி ஏற்கனவே எறங்கித்தான் கெடக்கு. நான் அரை இஞ்சு ஏத்தி வெட்டுறேன், போட்டுப் பாத்துட்டுப் பேசு.”

அளவு ஜாக்கெட் என்ற ஏற்பாட்டின் குறையும் இங்கே வெளிப்படுகிறது. நமக்கு ‘நல்லா ஃபிட்டான’ பழைய ஜாக்கெட்டைக் கொடுத்து, இதே மாதிரி தைங்க என்கிறோம். அது இரண்டு வருடம் நம் உடம்பில் இழுபட்டது. அதன் நல்லதோடு கெட்டதும் புதுசுக்கு வந்து சேரும். அதைப் பார்த்துப் பார்த்து இன்னொன்று. இப்படி ஒரே பிழையை ஐந்து ஜாக்கெட்டாகப் போட்டுக்கொண்டு, ‘என் கையே குண்டு, எனக்கு எதுவும் ஒத்துவராது’ என்று சொல்லும் பெண்கள் எத்தனை பேர்!

இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். பொருத்தத்தைப் பற்றிப் பேச நமக்குச் சொல் இல்லாதபோது பழியை உடம்பின் மேல் போடுகிறோம். ரெடிமேட் இதை நமக்கு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. எம், எல், எக்ஸ்எல் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு, அதற்குள் நுழையச் சொல்கிறது. அந்த எழுத்துகள் யாருடைய உடம்பை அளந்து வந்தவை என்று நாம் கேட்பதில்லை. இந்திய உடம்புகளை அளந்து நமக்கென ஓர் அளவு அட்டவணை தயாரிக்கும் ‘இந்தியாசைஸ்’ என்ற திட்டத்தை நிஃப்ட் அறிவித்ததே கடந்த பத்தாண்டில்தான். அதுவரை நம் கடைகளில் ஓடியது பெரும்பாலும் வெளிநாட்டு அட்டவணைகளின் சாயல். அந்த எல்லுக்குள் நுழைய முடியாதவள் கண்ணாடி முன்னால் நின்று தன்னைத் திட்டிக்கொள்கிறாள். ‘தோள் சரி, கைக்குழி அரை இன்ச் இறங்கியிருக்கிறது’ என்று சொல்லத் தெரிந்தவள் தன்னைத் திட்டிக்கொள்ள மாட்டாள். அவளுக்குக் குற்றம் எங்கே என்று தெரியும். அது துணியில் இருக்கிறது. சில சமயம் திருத்தவும் முடியும்.

எங்கே குற்றம் என்று கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. துணியில் விழும் மடிப்பே காட்டிக்கொடுக்கும். படுக்கைவசமாகக் கோடு கோடாக இழுத்தால் அந்த இடத்தில் துணி போதவில்லை. நட்டுக்குத்தலாகத் தொங்கினால் அங்கே துணி அதிகம். சாய்வாக ஓடினால், கோடு எந்தப் புள்ளியை நோக்கிப் போகிறதோ அங்கே ஏதோ பிடிக்கிறது. இதில் முதலாவது சுலபம். நல்ல டெய்லர்கள் பக்கவாட்டில் ஓரிஞ்ச் துணியை உள்ளே விட்டு வைப்பார்கள். ஒரு பக்கத் தையலைக் கால் இஞ்ச் தள்ளிப் போட்டால் முன்துணியில் கால், பின்துணியில் கால் என்று அரை இஞ்ச் கிடைக்கும். இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு முழு இஞ்ச். கல்யாணம், பிரசவம், வயது எல்லாவற்றுக்கும் நம் அம்மாக்களின் ஜாக்கெட்டுகள் ஈடுகொடுத்தது இந்த உள்துணியால்தான். ரெடிமேடைப் புரட்டிப் பாருங்கள். ஓவர்லாக் போட்டு ஒட்ட வெட்டியிருப்பார்கள். பிரித்தால் ஒன்றும் இருக்காது. ஆனால் கைக்குழியை ஆழமாக வெட்டிவிட்டால் டெய்லராலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. வெட்டிப்போட்ட துணி திரும்ப வராது. தோள் தையலை ஏற்றிப் பிடிக்கலாம், ஆனால் கழுத்தும் டாட்டும் சேர்ந்து மேலே போகும். அதனால்தான் அந்த அக்கா தைப்பதற்கு முன்பே பிடிவாதம் பிடித்தார்.

அந்த ஜாக்கெட்டில் இன்னொரு முடிவும் இருந்தது. முன்பக்கத்தைக் கிராஸ் கட்டில், அதாவது துணியைச் சாய்த்துப் போட்டு வெட்டினால், துணி கொஞ்சம் இழுத்துக்கொடுக்கும், உடம்போடு படியும். ஆனால் கட்டம் போட்ட துணியைச் சாய்த்து வெட்டினால் கட்டமெல்லாம் டைமண்டாகிவிடும், துணியும் அதிகம் பிடிக்கும். 80 சென்டிமீட்டரில் முடியாது. நேராக வெட்டினால் கட்டம் கட்டமாகவே இருக்கும், ஆனால் வளைவுக்கு டாட் பிடித்தாக வேண்டும். தோழி கட்டத்தைத் தேர்ந்தெடுத்தாள். அக்கா நேராக வெட்டி, நாலு டாட் பிடித்து, ஹூக் பட்டியில் இடது பக்கக் கோடும் வலது பக்கக் கோடும் ஒரே கோடாகச் சேரும்படி தைத்திருக்கிறார். ஹூக் போட்டால் நடுவில் பிளவே தெரியவில்லை. டாட் பிடித்த இடத்தில் மட்டும் கட்டம் கொஞ்சம் ஒடியும். அதை யாராலும் தவிர்க்க முடியாது. படத்தில் முந்தானை இதையெல்லாம் மறைத்துக்கொண்டிருந்தது.

சரி, எதிர்வாதங்களுக்கு வருவோம். ‘இன்ஸ்டாவில் இவ்வளவு யார் படிப்பா?’ தைக்கக் கொடுக்கப்போகிறவர்கள் படிப்பார்கள். தீபாவளிக்கு முன்னால் ‘நல்ல டெய்லர் யாராவது தெரியுமா?’ என்று ஸ்டோரி போடுகிறவர்கள் அத்தனை பேரும் படிப்பார்கள். ‘இது விளம்பரம் மாதிரி ஆகிடாதா?’ ரெடிமேட் வாங்கினால் கடையை டேக் பண்ண நமக்குக் கூச்சமில்லை. இரண்டு பொழுது உட்கார்ந்து நமக்கென்றே ஒன்றைச் செய்து கொடுத்தவரைப் பற்றி எழுதினால்தான் விளம்பரமா? பெயர் போடலாமா என்று மட்டும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஒற்றை மெஷின்காரருக்கு ஒரே வாரத்தில் முப்பது பேர் வந்து நின்றால் அது உதவி இல்லை, தொல்லை. பெயர் வேண்டாம் என்றால் அவர் செய்த வேலையைச் சொன்னாலே போதும்.

மூன்றாவது எதிர்வாதம் கனமானது. ‘பொம்பளப் புள்ளைங்க ஜாக்கெட் ஃபிட்டிங் பத்திப் பொதுவுல எழுதினா, கீழ என்ன மாதிரி கமென்ட் வரும்னு தெரியாதா?’ தெரியும். அதனால்தான் அளவை எழுதச் சொல்லவில்லை. எத்தனை இஞ்ச் என்பது உங்களுக்கும் டெய்லருக்கும் நடுவில் உள்ள விஷயம். நான் கேட்பது துணியின் நடத்தையை. தோள் நழுவுகிறதா, கை தூக்க முடிகிறதா, உட்கார்ந்தால் பிடிக்கிறதா. இதில் உடம்பை வர்ணிக்கும் ஒரு சொல்கூட இல்லை. ‘ஃபீலிங் க்யூட்’ என்பதுதான் ‘என்னைப் பார்’ என்று சொல்கிறது. ‘தோள் தையல் தோளிலேயே நிற்கிறது’ என்பது ‘துணியைப் பார்’ என்று சொல்கிறது. ஆண்களும் தப்பித்துக்கொள்ள வேண்டாம். தைத்த சட்டையில் தோள் தையல் தோள் எலும்பு முடியும் இடத்தில் நிற்கிறதா, புஜத்தில் வழிகிறதா என்று பார்த்து எழுத யாரும் தடுக்கவில்லை.

ஒரே ஒரு நிபந்தனை வைப்பேன். கேப்ஷனைக் காலையில் எழுதாதீர்கள். கண்ணாடி முன்னால் நின்று எழுதும் வரி இன்னும் சோதிக்கப்படாத உடுப்பைப் பற்றியது. ஒரு பொழுது போட்டுவிட்டு, பஸ்ஸில் ஏறி இறங்கி, தரையில் உட்கார்ந்து பந்தியில் சாப்பிட்டு, ஓரம் வியர்த்த பிறகு, ராத்திரி கழற்றி மடிக்கும்போது எழுதுங்கள். அரக்கு போன்ற அழுத்தமான நிறம் லைனிங்கில் சாயம் இறக்கியிருக்கிறதா என்றுகூட அப்போதுதான் தெரியும்.

என் தோழியின் படத்துக்குக் கீழே நான் எழுதச் சொல்வது இவ்வளவுதான்:

‘கண்டாங்கி, தடிப்பான காட்டன், கஞ்சி இன்னும் போகல. படத்துல சிவப்பாத் தெரியுது, நேர்ல அரக்கு; வீட்டுக்குள்ள காப்பிப்பொடி. கட்டம் சாயக் கூடாதுன்னு நேரா வெட்டி நாலு டாட் புடிச்சிருக்காங்க. ஹூக் பட்டியில கோடு கோட்டோட சேருது. பின்கழுத்து கொஞ்சம் அகலம், மத்தியானத்துக்கு மேல வலது தோள் நழுவுச்சு, ஒரு நாடா வைக்கணும். பஸ்ல கம்பியப் புடிச்சு நின்னேன், ஜாக்கெட் எடத்த விட்டு ஏறல. கைக்குழிய இறக்கச் சொன்னேன், அக்கா முடியாதுன்னாங்க. அவங்க சொன்னதுதான் சரி.’

இதில் பாராட்டும் இருக்கிறது, குறையும் இருக்கிறது. இன்னொருவர் படத்துக்குக் கீழே இதை ஒட்ட முடியாது. படித்த யாரோ ஒருத்தி அடுத்தமுறை அளவு ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன், அதைப் போட்டுக் கையை ஒருதடவை தூக்கிப் பார்ப்பாள்.